லாஸ்லெஸ் சந்தாவா, புது ஹெட்போனா, ஒரு முழக் கம்பியா?

சென்ற மாதம் என் அக்கா மகன் தன் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ப்ளூடூத்தில் அனுப்புவதற்காக ஒலியைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ப்ளூடூத் கோடெக் என்ற இடத்தில் LDAC என்றும், அதன் கீழே 96.0 kHz, 24 bits/sample என்றும் காட்டியது. கூடவே ஒரு கேள்வி: “மாமா, லாஸ்லெஸ் சந்தாவுக்கு மாறிவிட்டேன். ஹெட்போனும் எல்டாக் உள்ளதுதான். அப்படியும் பழைய சந்தாவில் கேட்டதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ரயிலில் போகும்போது பாட்டு விட்டுவிட்டு வேறு வருகிறது. என் காதில் கோளாறா, கருவியில் கோளாறா?”

இசைச் செயலி பாட்டை மூலப் பதிவிலிருந்து எதையும் இழக்காமல் தருவதற்கான சந்தாவைத்தான் அவன் லாஸ்லெஸ் என்கிறான். காது, கருவி இரண்டிலும் கோளாறு இல்லை. அவன் முன்னே மூன்று வழிகள் இருந்தன. இருக்கிற ஹெட்போனோடு லாஸ்லெஸ் சந்தாவைத் தொடரலாம். ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ் என்ற இன்னொரு கோடெக்கை ஆதரிக்கும் புதிய கைப்பேசியும் ஹெட்போனும் வாங்கலாம். அல்லது கைப்பேசியில் செருகும் சிறு இணைப்பானான ஒரு யுஎஸ்பி-சி டாங்கிள் வாங்கிக் கம்பி இயர்போனில் கேட்கலாம். மூன்றுக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. எது எங்கே பயன்படும் என்று சொல்வதற்கு, கைப்பேசிக்கும் காதுக்கும் நடுவே உள்ள ஒரு முழத் தொலைவில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குறுந்தகட்டின் தரத்தில் உள்ள ஒலி, ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள் என்ற கணக்கில் வினாடிக்கு 1,411 கிலோபிட் ஆகிறது. ஃபிளாக் போன்ற லாஸ்லெஸ் சுருக்கம் இதிலிருந்து ஒரு பிட்டைக்கூட இழக்காமல் மூல அளவில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையான அளவாகச் சுருக்கித் தரும். ஆனால் எவ்வளவு குறையும் என்பதைத் தீர்மானிப்பது நாமல்ல, இசைதான். தனி வீணை நன்றாகச் சுருங்கும். தாளக் கருவிகளும் மின்கிதாரும் முழுச் சத்தத்தில் முட்டி மோதும் பதிவு 1,000 கிலோபிட்டைத் தாண்டியே நிற்கும். இழப்புள்ள கோடெக்கிடம் “330-க்குள் அடக்கு” என்று கட்டளையிடலாம், அது எதையாவது தூக்கி எறிந்துவிட்டு அடங்கும். லாஸ்லெஸ் கோடெக்கிடம் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் அந்தக் கணமே அது லாஸ்லெஸ் அல்லாமல் போய்விடும்.

இனி அந்தப் பாட்டு கைப்பேசிக்குள் நடக்கும் பாதையைப் பார்ப்போம். செயலி ஃபிளாக் கோப்பைப் பிரித்து மூல ஒலியாக்குகிறது. இயங்குதளம் அதைக் குறுஞ்செய்தி மணி போன்ற மற்ற ஒலிகளோடு கலக்கிறது. தேவைப்பட்டால் மாதிரி வீதத்தையும் மாற்றுகிறது. அதன் பிறகு ப்ளூடூத் கோடெக் அந்த ஒலியைப் புதிதாகச் சுருக்கி வானொலி அலையில் அனுப்புகிறது. ஆகவே நாம் பணம் கொடுத்து வாங்கிய ஃபிளாக் கோப்பு காற்றில் ஏறுவதே இல்லை. அது கைப்பேசிக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. காற்றில் போவது எல்டாக்கோ ஏஏசியோ எஸ்பிசியோ எழுதிக் கொடுத்த ஒரு சுருக்கம். மூலம் லாஸ்லெஸ்ஸாக இருப்பதில் ஒரு சிறு நன்மை உண்டு: ஏற்கெனவே ஒருமுறை இழப்போடு சுருக்கிய கோப்பை இரண்டாம் முறை சுருக்குவது தவிர்க்கப்படுகிறது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் லாஸ்லெஸ் அல்ல.

திரையில் தெரிந்த 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்பது கோடெக்கின் வாயில் ஊற்றப்படும் ஒலியின் அளவு. அந்த அளவின்படி வினாடிக்கு 4,608 கிலோபிட் உள்ளே போகிறது. எல்டாக் தன் உச்ச நிலையில் வெளியே விடுவது 990 கிலோபிட். நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அவன் கேட்ட பாட்டோ 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் வந்தது. அதை 96 ஆக ஊதிப் பெருக்கியதால் புதிதாக எதுவும் சேராது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஹை-ரெஸ் ஆடியோ வயர்லெஸ் என்ற பொன்னிற முத்திரையும் இப்படிப்பட்டதே. இழப்புள்ள கோடெக்குகளான எல்டாக்குக்கும் எல்எச்டிசிக்கும் அது வழங்கப்பட்டிருக்கிறது. முத்திரை சொல்லும் தரம் வேறு, லாஸ்லெஸ் என்ற சொல் வேறு.

இதை நிறுவனங்கள் மறைக்கவும் இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் லாஸ்லெஸ் தரத்தைக் கொண்டுவந்தபோது, ப்ளூடூத் இணைப்பு லாஸ்லெஸ் அல்ல என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை லாஸ்லெஸ் வந்தபோதும், ப்ளூடூத்தில் அதற்குப் போதிய இடமில்லை என்ற குறிப்பு கூடவே வந்தது. சந்தா விளம்பரத்தின் எழுத்து பெரியது, குறிப்பின் எழுத்து சிறியது, அவ்வளவுதான்.

ஏன் இடமில்லை என்பதுதான் சுவையான பகுதி. இசைக்குப் பயன்படும் வழக்கமான ப்ளூடூத், வினாடிக்கு 3 மெகாபிட் வேகம் உடையது என்று சொல்லப்படுகிறது. 3 மெகாபிட்டில் 1.4 மெகாபிட் ஏன் அடங்காது என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்த 3 மெகாபிட், அலை பேசிக்கொண்டிருக்கும் கணத்தின் வேகம்; அது இடைவிடாமல் பேசுவதில்லை. ப்ளூடூத் தன் நேரத்தை 625 மைக்ரோ வினாடிக் கூறுகளாக வெட்டி வைத்திருக்கிறது. ஒலியைப் பாக்கெட் என்ற சிறு பொதிகளாக அனுப்புகிறது. மிகப் பெரிய பாக்கெட் ஐந்து கூறுகளை எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஒரு கூறு, “வந்து சேர்ந்தது” என்று ஹெட்போன் பதில் சொல்வதற்கு. ஆக ஒரு பாக்கெட் போய்ச்சேர ஆறு கூறுகள், அதாவது 3.75 மில்லி வினாடி. அதில் 1,021 பைட் ஏறும். வகுத்துப் பார்த்தால் உண்மையான உச்சம் 2,178 கிலோபிட்.

இது கைப்பேசியும் ஹெட்போனும் ஒரு மேசையில் அருகருகே இருக்கும்போது கிடைக்கும் கணக்கு. அலை கொஞ்சம் பலவீனமானால் 3 மெகாபிட் முறையில் பிழைகள் கூடும். அப்போது கருவிகள் 2 மெகாபிட் முறைக்கு இறங்கிவிடும். அங்கே அதே 3.75 மில்லி வினாடியில் 679 பைட் மட்டுமே ஏறும். உச்சம் 1,449 கிலோபிட். சுருக்காத குறுந்தகட்டு ஒலிக்கு 1,411 வேண்டும். மிச்சம் 38 கிலோபிட். அதிலும் பாக்கெட் தலைப்புகளுக்குக் கொஞ்சம் போய்விடும். ஒரு பாக்கெட் தவறினால் அதை மீண்டும் அனுப்ப நேரமே இராது.

மீண்டும் அனுப்பும் நேரம் என்ற இந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். எல்டாக்கை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வெளிவந்தபோது சோனி அதற்கு வழங்கிய கோடெக் இது. மேலே சொன்ன 679 பைட் பாக்கெட்டுக்குள் கச்சிதமாக அடங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில் இது ஒலியை 2.67 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்குகிறது. 990 கிலோபிட்டில் ஒரு துண்டு 330 பைட். இரண்டு துண்டுகள் சேர்ந்து 660 பைட் ஆகி ஒரு பாக்கெட்டில் ஏறும். ஒரு பாக்கெட்டில் இருப்பது 5.33 மில்லி வினாடிக்கான இசை. அதை அனுப்ப ஆகும் நேரம் 3.75. மிச்சம் 1.58 மில்லி வினாடி. ஒரு பாக்கெட் தவறினால் அதைத் திரும்ப அனுப்ப இன்னொரு 3.75 வேண்டும், கையில் இருப்பதோ 1.58. ஆகவே அடுத்த பாக்கெட் தாமதமாகும், அதற்கடுத்ததும் தாமதமாகும். கடன் ஏறிக்கொண்டே போகும். பத்துக்கு மூன்று பாக்கெட் தவறினால் 990 தாக்குப்பிடிக்காது.

660 கிலோபிட்டில் மூன்று துண்டுகள் ஒரு பாக்கெட்டில் ஏறும். அது 8 மில்லி வினாடி இசை. அனுப்பியது போக மிச்சம் 4.25, ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒருமுறை திரும்ப அனுப்பிவிடலாம். 330 கிலோபிட்டில் ஆறு துண்டுகள், 16 மில்லி வினாடி இசை, மிச்சம் 12.25, மூன்று முறை திரும்ப அனுப்பலாம். எண்கள் சம அளவில் படிப்படியாகக் குறைவதுபோலத் தோன்றினாலும், தாங்கும் சக்தியில் 990-க்கும் 660-க்கும் உள்ள தூரம் ஒரு படி அல்ல. ஒன்று ஒரு தவறையும் உடனே ஈடுகட்ட முடியாதது, மற்றது இரண்டுக்கு ஒன்று தவறினாலும் தாக்குப்பிடிப்பது.

இனி தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை காலை நேர மின்சார ரயிலில் அவன் நிற்கும் இடத்துக்கு வருவோம். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 அலைவரிசைகளில் தாவித் தாவிப் பேசும். எந்த வரிசையில் இரைச்சல் அதிகமோ அதைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். ஆனால் ஒரு பெட்டியில் நூறு பேர் இயர்பட்ஸோடு நின்றால், ரயில் நிலையங்களின் வைஃபையும் அதே பட்டையில் பேசினால், தவிர்த்துவிட்டுப் போக வேறு நல்ல வரிசை அதிகம் மிஞ்சாது. அதற்கு மேல் உடம்பு. நம் உடலில் பெரும்பகுதி நீர். இந்த அலையை அது நன்றாகவே உறிஞ்சும். கைப்பேசி வலது கால்சட்டைப் பையில் இருந்து, ஹெட்போனின் ஆண்டெனா இடது காதுப் பக்கம் இருந்தால், அலை உடலைச் சுற்றிக்கொண்டோ சுவரில் பட்டுத் தெறித்தோ வர வேண்டும். வீட்டில் தெறிக்கச் சுவர் உண்டு. திறந்த நடைமேடையில் அதுவும் இல்லை. வெட்டவெளியில் நடக்கும்போது பாட்டு திடீரென விக்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஹெட்போனில் ஒரு சேமிப்பு இருக்குமே, அது கடனை அடைக்காதா என்று கேட்கலாம். அடைக்கும், ஆனால் அந்தச் சேமிப்பு மிகச் சிறியது. செயலி இணையத்திலிருந்து நிமிடக்கணக்கில் முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. ஹெட்போன் வைத்திருப்பது ஒரு வினாடியில் சிறு பகுதி மட்டுமே. அதைப் பெரிதாக்கினால் படம் பார்க்கும்போது உதட்டசைவும் பேச்சும் பொருந்தாது, நிறுத்து பொத்தானை அழுத்தினால் பாட்டு நிற்கவும் நேரமாகும். பாட்டுக்கு மட்டும் என்று ஒரு நீண்ட சேமிப்பை யாராவது தந்தால் நான் மகிழ்வேன். சந்தையில் அதைக் கேட்பவர் குறைவு போலும்.

அவனிடம் `Developer options` பகுதியில் `Bluetooth Audio LDAC Codec: Playback Quality` என்ற இடத்தைப் பார்க்கச் சொன்னேன். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து அதை 990 என்று பூட்டி வைத்திருந்தான். ரயிலில் விட்டுவிட்டு வந்ததன் காரணம் அதுதான். தானாக மாறும் நிலைக்கு மாற்றியதும் விக்கல் நின்றது. ஆனால் நெரிசலில் அது 330 வரை இறங்கும். எல்லா ப்ளூடூத் ஹெட்போன்களிலும் கட்டாயம் இருக்க வேண்டிய, பலரும் மட்டமாகப் பேசும் எஸ்பிசி கோடெக் தன் உயர்தர நிலையில் பயன்படுத்துவது 328 கிலோபிட். அதாவது லாஸ்லெஸ் சந்தாவும் எல்டாக் ஹெட்போனும் சேர்ந்து அந்தப் பெட்டியில் அவனுக்குக் கொண்டுவந்தது, மிகச் சாதாரண ஹெட்போனுக்கு வந்து சேரும் அளவு பிட்டுகளையே. 660-இல் பூட்டி வைக்கும்படி சொன்னேன். அவன் பாதையில் அது தாக்குப்பிடித்தது.

இங்கே ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஐபோனில் எல்டாக்கும் இல்லை, ஆப்ட்எக்ஸும் இல்லை. ஏஏசியும் எஸ்பிசியும் மட்டுமே. எல்டாக்குக்காக அதிக விலை கொடுத்த ஹெட்போன் ஐபோனோடு சேர்ந்தால் ஏஏசியில்தான் பேசும். சில ஹெட்போன்களில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதியைப் போட்டால் எல்டாக் அணைந்துவிடுவதும் உண்டு. வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டியது அது.

இரண்டாவது வழி ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ். குவால்காம் இதை 2021 செப்டம்பரில் அறிவித்தது. குறுந்தகட்டுத் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை, அலை நன்றாக இருக்கும் வரை, பிட் பிசகாமல் கொண்டு சேர்ப்பதே இதன் நோக்கம். அந்த வகையில் இது பொய் சொல்லவில்லை. ஆனால் இதற்கு 1 மெகாபிட்டுக்கும் மேல் தேவை. மேலே போட்ட கணக்கையே இதற்கும் போடலாம்: தேவை 1,100 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், 3 மெகாபிட் முறையின் 2,178-இல் அது பாதி, வசதியாக நிற்கும். 2 மெகாபிட் முறையின் 1,449-இல் அதே 1,100 நான்கில் மூன்று பங்கு; எல்டாக் 990-ஐவிட இறுக்கம். ஆகவே அலை தளர்ந்ததும் இது சத்தமில்லாமல் இழப்புள்ள முறைக்கு இறங்கிவிடும். இறங்கியது காதுக்குத் தெரியாது என்பதே இதன் திறமை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியை மடியில் வைத்துக் கேட்பவருக்கு இது லாஸ்லெஸ். ரயிலில் நிற்பவருக்கு இது இன்னொரு நல்ல இழப்புள்ள கோடெக். கைப்பேசி, ஹெட்போன் இரண்டிலும் இந்த ஆதரவு இருக்க வேண்டும் என்பதால், அவனுடைய நிலையில் இரண்டையும் மாற்றியாக வேண்டும். உட்கார்ந்து கேட்கும் இடத்தில் மட்டும் பலன் தரும் ஒன்றுக்கு அவ்வளவு செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். உட்கார்ந்த இடத்தில் கம்பி போதும்.

கம்பியின் கணக்கு மிக எளியது. யுஎஸ்பி-சி வழியாகப் போகும்போது இடப்பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மிக மலிவான சில டாங்கிள்களில் எண்களை ஒலியாக்கும் டாக் சிப் இருக்காது, கைப்பேசியே அந்த வேலையைச் செய்துகொடுத்தால்தான் அவை பாடும். டாக் உள்ளது என்று தெளிவாகச் சொல்லும் சிறு டாங்கிளே போதும், அதன் விலை ஒரு நல்ல ஹெட்போனின் விலையில் சிறு பகுதி. இன்னொரு நுணுக்கம்: ஆண்ட்ராய்டில் கம்பி வழியிலும் இயங்குதளம் எல்லா ஒலிகளையும் கலந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்பும் பழக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு 14 முதல், செயலி கேட்டுக்கொண்டால் யுஎஸ்பி டாக்குக்கு மூல பிட்டுகளை அப்படியே அனுப்ப வழி இருக்கிறது. எல்லாச் செயலிகளும் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் இந்த மாதிரி வீத மாற்றத்தால் ஏற்படும் குறை, கோடெக் தூக்கி எறிவதோடு ஒப்பிடும்போது பொருட்படுத்தத் தக்கதல்ல என்பது என் கருத்து. ஏர்பாட்ஸ் மேக்ஸ் என்ற தன் விலையுயர்ந்த கம்பியில்லா ஹெட்போனுக்கு ஆப்பிள் 2025-இல் லாஸ்லெஸ் வசதியைக் கொடுத்தபோது, அதைக் கொடுத்ததும் யுஎஸ்பி-சி கம்பி வழியாகத்தான்.

கம்பியே வேண்டாம் என்பவருக்கு வைஃபை உண்டு. கூகுள் காஸ்ட் வகை ஸ்பீக்கர்களில் கைப்பேசி வெறும் ரிமோட்தான். ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை நேராக இழுத்துக்கொள்ளும். வீட்டுக் கூடத்தில் கேட்பவருக்கு லாஸ்லெஸ் சந்தா முழுப் பலன் தருவது இங்கேதான். இயர்பட்ஸிலும் வைஃபையைப் புகுத்தும் முயற்சியாகக் குவால்காமின் எக்ஸ்பேன் வந்திருக்கிறது. அதை ஆதரிக்கும் கைப்பேசிகள் இன்னும் சில மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி. கேட்டால் தெரியுமா? அவன் காதையே சாட்சிக்கு அழைத்தேன். கணினியில் `foobar2000` என்ற இசை இயக்கியை நிறுவி, எது எது என்று சொல்லாமல் இரண்டு ஒலிகளை ஒப்பிட வைக்கும் அதன் ஏபிஎக்ஸ் கூறைச் சேர்த்து, அவனுக்கு மனப்பாடமான ஒரு பாட்டின் ஃபிளாக் கோப்பை 256 கிலோபிட் ஏஏசியாக மாற்றி, கம்பி இயர்போனில் இரண்டையும் பெயர் தெரியாமல் கேட்க வைத்தேன். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நேர்வதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே தெரிகிறது என்று ஒப்புக்கொள்ளலாம். அவன் 9 சொன்னான். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். கம்பியில், அமைதியான அறையில் இந்த நிலை என்றால், சக்கரச் சத்தத்துக்கு நடுவே கேட்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஹெட்போனைக் கம்பியில் ஒருமுறை, ப்ளூடூத்தில் ஒருமுறை கேட்டு ஒப்பிடுவது இந்தச் சோதனைக்கு ஈடாகாது. பல ஹெட்போன்களில் கம்பியைச் செருகினால் உள்ளே இருக்கும் ஒலித் திருத்தமே மாறிவிடும், அந்த மாற்றத்தைக் கோடெக்கின் கணக்கில் எழுதிவிடுவோம்.

செலவிலும் ஒன்று விடுபடக் கூடாது. 800 கிலோபிட் சராசரியில் ஒரு மணி நேர ஃபிளாக் 360 மெகாபைட். 256 கிலோபிட்டில் அதுவே 115. நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் நான்கு மணி நேர லாஸ்லெஸ் கேட்டால் அன்றைய டேட்டா கிட்டத்தட்ட தீர்ந்தது. ப்ளூடூத்தில் கேட்பவர் இந்த 360-ஐ இறக்கிக் கைப்பேசிக்குள்ளேயே கரைத்துவிடுகிறார். வெளியே போகும்போதாவது செயலியின் மொபைல் டேட்டா தரத்தைக் குறைத்து வைப்பது நல்லது; பெரும்பாலான செயலிகளில் வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனித் தரம் வைக்கலாம்.

இப்போது அவன் ரயிலில் எல்டாக்கை 660-இல் வைத்து, மொபைல் டேட்டாவில் சாதாரணத் தரத்தில் கேட்கிறான். இரவில் மேசையில் ஒரு டாங்கிளும் கம்பி இயர்போனும். புதுக் கைப்பேசி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டான். லாஸ்லெஸ் சந்தாவை மட்டும் அடுத்த மாதமும் புதுப்பிக்கப்போவதாகச் சொல்கிறான். ஏபிஎக்ஸில் இன்னொரு 16 முறை முயன்று பார்க்க வேண்டுமாம்.